கலப்பெண் பயிற்சித்தாளில் ஒரு குறி



பன்னிரண்டாம் வகுப்புக்கு நான் முதலில் தயாரித்த பயிற்சித்தாளில் 1+i, √3+i, 1+i√3 என்று எல்லா எண்களும் முதல் கால்பகுதியிலேயே இருந்தன. பிள்ளைகள் எல்லாவற்றையும் சரியாகப் போட்டார்கள். அடுத்த தாளில் -2+2i என்ற எண்ணின் முப்படி மூலங்களைக் கேட்டேன். பாதி வகுப்பு தடுமாறியது.

மட்டு மதிப்பு 2√2 என்பதில் யாருக்கும் சிக்கல் இல்லை. வீச்சில்தான் வந்தது. y/x = -1. உடனே -45° என்று எழுதிவிட்டார்கள். ஆனால் 2-2i என்ற எண்ணுக்கும் y/x = -1 தானே? வகுத்த பிறகு, கழித்தல் குறி மேலே இருந்ததா கீழே இருந்ததா என்பது தெரியாது. -2+2i இரண்டாம் கால்பகுதியில் இருக்கிறது. அதன் வீச்சு 135°.

சரியான வழியில் போனால் மூலங்களின் மட்டு மதிப்பு √2. வீச்சுகள் 45°, 165°, 285°. முதல் மூலத்தைச் செவ்வக வடிவத்துக்கு மாற்றினால் 1+i. அதன் வர்க்கம் 2i. மீண்டும் 1+i ஆல் பெருக்கினால் -2+2i. கணக்கு புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டது.

தவறான வழியில் வீச்சுகள் -15°, 105°, 225°. இங்கே நான் ஏமாந்த ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். "மூன்று மூலங்களையும் கூட்டிப் பாருங்கள், பூச்சியம் வந்தால் சரி" என்று சொல்லிக் கொடுத்திருந்தேன். இந்தத் தவறான மூன்றையும் கூட்டினாலும் பூச்சியம்தான் வருகிறது! ஆர்கன் தளத்தில் குறித்தாலும் அழகான சமபக்க முக்கோணம். 120° இடைவெளி சரியாக இருக்கிறதா என்பதை மட்டுமே அந்தச் சோதனை காட்டும். 360°-ஐச் சேர்க்காமல் முதலிலேயே மூன்றால் வகுத்துவிட்டு, பிறகு 360° கூட்டி ஒரே மூலத்தை மூன்று முறை எழுதும் மாணவனை அது பிடிக்கும். கால்பகுதி தவறிய மாணவனைப் பிடிக்காது.

அவனைப் பிடிக்க, ஒரு மூலத்தையாவது முப்படிக்கு உயர்த்தியே ஆக வேண்டும். 225° உள்ள மூலம் -1-i. அதன் முப்படி 2-2i. கேட்ட எண்ணுக்கு நேர் எதிரானது! வீச்சில் 180° தவறியதால் ஆதிப்புள்ளிக்கு மறுபுறம் போய்விட்டோம். 360°-ஐ எத்தனை முறை கூட்டினாலும் அந்த 180° சரியாகாது.

கால்பகுதிக்கு ஏற்ப α, 180°-α, α-180°, -α என்ற நான்கையும் மாணவர்கள் மனப்பாடம் செய்திருந்தார்கள். எதை எங்கே போடுவது என்பதுதான் குழப்பம். எனவே இப்போது என் தாளில் ஒவ்வொரு கணக்குக்கும் முன்னால் சிறிய அச்சுப்படம் ஒன்று இருக்கும். புள்ளியைக் குறித்த பிறகுதான் வீச்சு. கடைசி வரியில் ஒரு மூலத்தைச் செவ்வக வடிவில் எழுதி முப்படி காண ஓர் இடம். அதற்காகவே, ஒரு மூலமாவது 1+i போல எளிதாக வரும் எண்களைத் தேர்ந்தெடுக்கிறேன். 2+i-இன் முப்படி 2+11i. ஆனால் 2+11i-ஐக் கேட்டால் வீச்சு தெரிந்த கோணமாக வராது. அதைத் தாளில் சேர்ப்பதில்லை.