கிருமிக்கு எதிர்ப்பு எப்போது வருகிறது?



வைத்தியர்களாகிய நாங்கள் நோயாளரிடம் அடிக்கடி கேட்கும் வார்த்தை ஒன்று உண்டு: “அந்த மருந்தைக் குடிச்சுக் குடிச்சுக் கிருமிக்கும் பழகிப்போச்சு, டொக்டர்.” கேட்க நியாயமாகவே இருக்கிறது. ஆனால், மருந்து பட்டதனால் கிருமி மாறியதா, அல்லது மாறிய கிருமி மருந்து வருமுன்பே அங்கே இருந்ததா?

இதைத் தீர்ப்பது இலகுவல்ல. எதிர்ப்புள்ள கிருமியைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் மற்றவற்றைக் கொன்றாக வேண்டும். கொன்ற பின் எஞ்சியதைப் பார்த்து, அது முன்பே மாறியதா அப்போதுதான் மாறியதா என்று சொல்ல இயலாது.

1943இல் அமெரிக்காவில் இந்தச் சிக்கலை அவிழ்த்தவர்கள் இருவர். ஒருவர் இத்தாலியில் பிறந்த வைத்தியர் சல்வடோர் லூரியா. மற்றவர் ஜேர்மனியில் பிறந்த பௌதிகவியலாளர் மக்ஸ் டெல்புறூக். ஒரு நடன விருந்தில் சக ஆசிரியர் ஒருவர் காசு போட்டு ஆடும் இயந்திரத்தில் விளையாடுவதைப் பார்த்தபோதுதான் லூரியாவுக்கு வழி தோன்றியது. அந்த இயந்திரம் பல தடவை ஒன்றுமே தராது. எப்போதாவது ஒருமுறை அள்ளிக் கொட்டும்.

அவர்கள் பயன்படுத்தியவை குடலில் வாழும் ஈ. கோலை பற்றீரியாவும், அதைக் கொல்லும் ஒரு வைரசும். 20 சிறிய குழாய்களில் தனித்தனியாக மிகச் சில பற்றீரியாக்களை இட்டு, வைரசு இல்லாமலே பெருக விட்டார்கள். பின்னர் ஒவ்வொரு குழாயிலிருந்தும் ஒரே அளவு எடுத்து, வைரசு பூசிய தட்டுகளில் பரப்பினார்கள். தப்பிய ஒவ்வொரு பற்றீரியாவும் பெருகிக் கண்ணுக்குத் தெரியும் ஒரு புள்ளியாகும். அவற்றை எண்ணினார்கள்.

இப்போது நாம் யோசித்துப் பார்ப்போம். வைரசு பட்டபின்தான் மாற்றம் வருகிறது என்றால், எல்லாத் தட்டுகளிலும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கை வரவேண்டும். ஏனெனில் எல்லாப் பற்றீரியாக்களும் ஒரே நேரத்தில், ஒரே வாய்ப்புடன்தான் வைரசைச் சந்திக்கின்றன. மாற்றம் பெருகும் காலத்திலேயே தற்செயலாக வருகிறது என்றால் கதை வேறு. கடைசிப் பிரிவில் மாறியது ஒன்று இரண்டாகவே நிற்கும். ஐந்து தலைமுறைக்கு முன் மாறியது 32 பிள்ளைகளை விட்டிருக்கும். ஒரு குழாயில் மாற்றமே நிகழாமலும் போகலாம்.

ஒரு பரிசோதனையில் கிடைத்த எண்களைப் பாருங்கள். 20 தட்டுகளில் 11 வெறுமை. பலவற்றில் 1, 3, 5, 6 என்று சில புள்ளிகள். மூன்றில் மட்டும் 35, 64, 107. சராசரி 11 அளவில் வருகிறது. வைரசுதான் மாற்றியது என்றால், சராசரி 11 ஆக இருக்கையில் ஒரு தட்டு வெறுமையாக வருவதே மிக அரிது. இங்கே பாதிக்கு மேல் வெறுமை.

தட்டில் பரப்பியதில் வந்த ஏற்றத்தாழ்வாக இருக்குமோ என்றும் பார்த்தார்கள். ஒரே பெரிய வளர்ப்பிலிருந்து பத்து மாதிரிகள் எடுத்துப் பரப்பியபோது எண்கள் 13க்கும் 26க்கும் இடையிலேயே நின்றன. ஆகவே அந்தத் தாவல் குழாய்களுக்குள்ளே, வைரசு வருமுன் உண்டானதுதான்.

வைரசுக்குப் பொருந்தியது மருந்துக்கும் பொருந்துமா? 1945இல் டெமரெக் என்பவர் பெனிசிலினை வைத்து இதே முறையில் சோதித்தபோதும் அதே விதமான ஏற்றத்தாழ்வே கிடைத்தது.

காசநோயில் இதன் பொருளை நாங்கள் நேரே காண்கிறோம். நுரையீரலில் விழுந்த ஒரு குழியில் பத்துக் கோடி கிருமிகள் இருக்கலாம். ஏறத்தாழ பத்து இலட்சத்தில் ஒன்று, ஐசோனியசிட் என்ற மருந்துக்கு இயல்பாகவே எதிர்ப்புள்ளது. அப்படியானால் முதற் குளிசையை விழுங்குமுன்பே அங்கே நூறு எதிர்ப்புக் கிருமிகள் காத்திருக்கின்றன. அந்த ஒரு மருந்தை மட்டும் கொடுத்தால் நோயாளி முதலில் தேறுவார். பின்னர் அந்த நூறும் பெருகி இடத்தைப் பிடிக்கும். றிபம்பிசினுக்கு எதிர்ப்புள்ளது பத்துக் கோடியில் ஒன்று. இரண்டையும் ஒருசேர எதிர்க்கும் கிருமி நூறு இலட்சம் கோடியில் ஒன்றுதான் இருக்க முடியும். அத்தனை கிருமிகள் எந்த உடலிலும் இல்லை. முதல் நாளிலிருந்தே பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பது இதனால்தான். வயிற்றைப் புரட்டுகிறது என்று அவற்றில் ஒன்றை மட்டும் நோயாளி தாமாக விட்டால், இந்தக் கணக்கு முழுவதும் குலைந்துவிடும்.

இந்தச் சோதனை எல்லாவற்றையும் சொல்லிவிடவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். சில பற்றீரியாக்கள் எதிர்ப்பு மரபணுவை அயலிலுள்ள பற்றீரியாவிடமிருந்து பெற்றுக்கொள்கின்றன. அது வேறு வழி. சில மருந்துகள் கிருமியின் டி.என்.ஏ.யைத் தாக்கி, மாற்றங்கள் நிகழும் வேகத்தைக் கூட்டுவதும் உண்டு. அப்போதும் எந்த மாற்றம் வரும் என்பதை மருந்து தீர்மானிப்பதில்லை.

ஆகவே கிருமிக்குப் பழக்கம் வருவதில்லை. பழகியதுபோலத் தெரிவது, முன்பே இருந்த சிலவற்றை மட்டும் நாம் மிச்சம் விட்டதன் விளைவு.