பீட்டாவுக்குக் கீழே இருக்கும் எண்



பதினொன்றாம் வகுப்பு வணிகக் கணிதத்தில் தொடர்புப் போக்கு நடத்தும்போது, பத்து ஜோடி எண்களைக் கொடுத்துக் கோட்டின் சாய்வைக் கண்டுபிடிக்கச் சொல்கிறோம். அந்தச் சாய்வை எவ்வளவு நம்பலாம் என்று யாரும் கேட்பதில்லை. அதைக் கேட்க நம் பக்கத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. பள்ளிபாளையம் அருகே ஓடப்பள்ளியில் உள்ள சர்க்கரை ஆலை, பொன்னி சுகர்ஸ் (ஈரோடு). பெயரில் ஈரோடு இருந்தாலும் ஆலை இருப்பது நாமக்கல் மாவட்டம். அதன் பங்கு தேசியப் பங்குச் சந்தையில் கைமாறுகிறது.

நிஃப்டி 1 சதவீதம் நகர்ந்தால் இந்தப் பங்கு சராசரியாக எத்தனை சதவீதம் நகர்கிறது? அந்தச் சாய்வுக்குத்தான் பீட்டா என்று பெயர்.

எக்செல் தாளில் A பத்தியில் தேதி, B-இல் பங்கின் மாதக் கடைசி விலை, C-இல் நிஃப்டி. 2ஆம் வரிசை முதல் 62 வரை 61 விலைகள். அவற்றிலிருந்து D, E பத்திகளில் 60 மாத வருவாய் விகிதங்கள் வரும்.

```
D3:  =B3/B2-1
E3:  =C3/C2-1
G1:  =SLOPE(D3:D62,E3:E62)
G2:  =INDEX(LINEST(D3:D62,E3:E62,TRUE,TRUE),2,1)
```

D3, E3 இரண்டையும் 62ஆம் வரிசை வரை இழுத்துவிடுங்கள். பங்கு முதலில், சந்தை பிறகு. வரிசை மாறினால் எக்செல் எச்சரிக்காது, வேறொரு சாய்வைக் கொடுத்துவிடும்.

G1 பீட்டா, G2 அதன் திட்டப்பிழை. உண்மை விலைகளை மாணவர்களே இறக்கிப் போடட்டும். புரிவதற்காக நான் G1-இல் 0.9, G2-இல் 0.26 என்று வைத்துக்கொள்கிறேன். 0.9 என்பதை மட்டும் பார்த்தால் 'சந்தையைவிடச் சாதுவான பங்கு' என்று சொல்லத் தோன்றும். ஓய்வறையில் கைப்பேசியைக் காட்டி அப்படிச் சொல்பவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஆனால் திட்டப்பிழையின் இரு மடங்கைக் கூட்டிக் கழித்தால் 0.38 முதல் 1.42 வரை வருகிறது. சந்தையைவிடச் சாதுவா, முரடா என்றே இதை வைத்துச் சொல்ல முடியாது.

இவ்வளவு அகலம் ஏன்? சர்க்கரை ஆலையின் விலை மழைக்கும் கரும்பு விலைக்கும் அரசின் சர்க்கரை, எத்தனால் கொள்கைக்கும் ஆடுகிறது. நிஃப்டிக்குத் தொடர்பில்லாத அந்த ஆட்டத்தின் திட்டவிலக்கம் மாதத்துக்கு 9 சதவீதம், நிஃப்டியினுடையது 4.5 என்றால், 9-ஐ 4.5-ஆல் வகுத்து, 60-இன் வர்க்கமூலமான 7.75-ஆலும் வகுக்க 0.26 கிடைக்கும். இதைப் பாதியாக்க நான்கு மடங்கு மாதங்கள், அதாவது 20 ஆண்டுகள் வேண்டும். அதற்குள் ஆலையின் தொழிலே மாறியிருக்கலாம்.

மாத விலைக்குப் பதில் தினசரி விலை போடலாமே என்று மாணவர்கள் கேட்பார்கள். திட்டப்பிழை சுருங்கும், உண்மைதான். ஆனால் சிறு நிறுவனப் பங்கின் கடைசி வியாபாரம் மதியமே முடிந்திருந்தால், மாலை நேரச் சந்தை நகர்வு மறுநாள்தான் அதன் விலையில் தெரியும். பீட்டா குறைந்து காட்டும். திட்டப்பிழை அதைக் காட்டிக் கொடுக்காது. கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. நிஃப்டியின் முந்தைய நாள் வருவாயையும் பக்கத்தில் ஒரு பத்தியாக வைத்து, இரண்டையும் சேர்த்து LINEST போடுங்கள். முந்தைய நாளின் சாய்வு அதன் திட்டப்பிழையைப் போல் இரு மடங்குக்கு மேல் இருந்தால், இரண்டு சாய்வுகளின் கூட்டுத்தொகையைத்தான் பீட்டாவாக எடுக்க வேண்டும்.