பாராட்டு விழாவுக்குப் போக விடுப்புக் கடிதம்

(சந்தாபுரா இரவு வகுப்பில் தொண்டர் ஒருவர் பேசியது)



இன்று ஒரு கடிதத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். நம் வகுப்பில் படித்த ஒரு அக்கா எழுதிய கடிதம் அது. அவர் பொம்மசந்திராப் பக்கம் ஒரு துணி ஆலையில் தையல் வேலை செய்கிறார். 38 வயதில் எழுத்துக் கற்றுக்கொண்டார். செப்டம்பர் 8 உலக எழுத்தறிவு நாள். 2025-இல் அந்த நாளில் ஆனேக்கல்லில் ஒரு விழா. புதிதாகப் படித்தவர்களுக்கு மேடையில் சால்வை போட்டுச் சான்றிதழ் தருவதாகச் சொன்னார்கள். இந்த அக்காவின் பெயரும் அதில் இருந்தது.

அக்காவுக்குச் சந்தோஷம். கூடவே பயமும் வந்தது. "தம்பி, அன்று திங்கட்கிழமை. ஞாயிறு லீவோடு திங்களும் சேர்த்துக் கேட்டால் சூப்பர்வைசர் நம்பமாட்டார். வயிற்றுவலி என்று சொல்லிவிடவா?" என்று கேட்டார்.

வேண்டாம் அக்கா என்றேன். முந்தின ஆண்டு இன்னொரு சகோதரி அப்படித்தான் செய்தார். காய்ச்சல் என்று சொல்லிவிட்டு விழாவுக்குப் போனார். மறுநாள் அவர் மாலையோடு நிற்கும் படம் பத்திரிகையில் வந்தது. ஆலையில் எல்லாரும் பார்த்தார்கள். பாராட்டு வாங்கிய கையால் மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டியதாயிற்று. விழா ஊரறிய நடக்கிறது. அதற்குப் பொய்க் காரணம் நிற்காது.

சரி, எந்த விடுப்பைக் கேட்பது? விருது வாங்குவதற்கென்று ஆலையில் தனி விடுப்பு கிடையாது. நம் கணக்கில் இருக்கும் சம்பள விடுப்பில்தான் கேட்க வேண்டும். 20 நாள் வேலை செய்தால் 1 நாள் சம்பள விடுப்பு சேரும். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தில் இந்தக் கணக்கு இருந்தது. 2025 நவம்பரில் நடப்புக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத்திலும் இதே கணக்குத்தான். அக்கா முந்தின ஆண்டில் 260 நாள் வேலை செய்திருந்தார். 260-ஐ 20-ஆல் வகுத்தால் 13. அதில் 7 நாள் எடுத்துவிட்டார். மீதி 6 நாள் இருந்தது. முதலில் இந்த மீதியைக் கேட்டுத் தெரிந்துகொண்டோம். மீதி இல்லாவிட்டால் அன்றைய சம்பளம் போகும். அது தெரிந்துதான் கேட்க வேண்டும்.

அடுத்தது, எப்போது கேட்பது? 15 நாளுக்கு முன்பே எழுத்தில் கேட்க வேண்டும் என்று அந்த 1948-ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. செப்டம்பர் 8-இலிருந்து 15 நாள் பின்னால் எண்ணினோம். ஆகஸ்ட் 24 வந்தது. அது ஞாயிறு, ஆலை விடுமுறை. ஆகவே 23 சனிக்கிழமையே கடிதம் கொடுக்க முடிவு செய்தோம். உங்கள் ஆலையில் எத்தனை நாள் என்று அறிவிப்புப் பலகையில் படித்துப் பாருங்கள். இப்போது உங்களுக்குத்தான் படிக்கத் தெரியுமே.

இங்கே ஒரு சிக்கல் வந்தது. அழைப்பிதழ் இன்னும் அச்சாகவில்லை. பல விழாக்களில் அழைப்பிதழ் கடைசி வாரத்தில்தான் கைக்கு வரும். வந்தாலும் அதில் தலைமை தாங்குபவர் பெயர், வாழ்த்திப் பேசுபவர் பெயர் எல்லாம் இருக்கும். பாராட்டுப் பெறுகிறவர் பெயர் இருக்காது. அந்தத் தாளைக் காட்டினால், "இதில் உன் பெயர் எங்கே?" என்று கேட்பார்கள். அதனால் விழாக் குழுவினரிடம் போய் ஒரு தனிக் கடிதம் கேட்டோம். அக்காவின் பெயர், விழா நாள், நேரம், இடம், எதற்காகப் பாராட்டு என்ற விவரங்களை எழுதி, கையெழுத்தும் முத்திரையும் போட்டுத் தந்தார்கள்.

பிறகு அக்கா எழுதிய கடிதம் இது:

சந்தாபுரா,
23.8.2025.

அனுப்புநர்: (பெயர்), டோக்கன் எண் (  ), தையல் பிரிவு, 4-ஆவது லைன்.
பெறுநர்: மேலாளர் அவர்கள், (ஆலையின் பெயர்).
பொருள்: பாராட்டு விழாவுக்குப் போக 1 நாள் விடுப்பு.

ஐயா,
வணக்கம். 8.9.2025 திங்கட்கிழமை காலை 11 மணிக்கு ஆனேக்கல்லில் எழுத்தறிவு நாள் விழா நடக்கிறது. அதில் என்னைப் பாராட்டிச் சான்றிதழ் தருகிறார்கள். அதை நேரில் வாங்குவதற்கு, அன்று 1 நாள் மட்டும் என் சம்பள விடுப்பில் விடுப்பு தரும்படி கேட்டுக்கொள்கிறேன். 9.9.2025 செவ்வாய்க்கிழமை காலை வேலைக்கு வந்துவிடுவேன்.
விழாக் குழுவினரின் கடித நகலை இணைத்திருக்கிறேன். அச்சிட்ட அழைப்பிதழ் வந்ததும் அதன் நகலையும் தருகிறேன்.

இப்படிக்கு,
(கையெழுத்து)

இணைப்பு: விழாக் குழுவின் கடித நகல் – 1.

கடிதம் சின்னதுதான். ஆனால் மேலாளர் கேட்கக்கூடிய கேள்விக்கெல்லாம் அதில் பதில் இருக்கிறது. எந்த நாள், எத்தனை நாள், எதற்காக, என்ன சான்று, திரும்ப எப்போது வருவாய்? கடைசிக் கேள்வியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். லைனில் ஒரு ஆள் குறைந்தால் அந்த இடத்தில் வேறு ஆளைப் போட வேண்டும். அது எத்தனை நாளுக்கு என்பதுதான் மேலாளரின் கவலை.

தொலைதூர விழா என்றால் பயண நாளையும் எண்ணிக் கேட்க வேண்டும். மதுரைப் பக்கம் புல்லுச்சேரி கிராமத்துச் சின்னப்பிள்ளை அம்மாவைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கூலி வேலை செய்தவர். 2001 ஜனவரியில் தில்லியில் ஸ்திரீ சக்தி விருது வாங்கினார். பிரதமர் வாஜ்பாய் மேடையில் அவர் காலைத் தொட்டு வணங்கினார். விழா ஒரே நாள்தான். ஆனால் மதுரையிலிருந்து தில்லிக்கு ரயிலில் போக மட்டும் ஏறத்தாழ இரண்டு நாள் ஆகும். அப்படிப்பட்ட விழாவுக்கு ஒரு நாள் மட்டும் கேட்டுவிட்டுப் போனால், மீதி நாளெல்லாம் ஆப்சென்ட் என்றே எழுதுவார்கள்.

இன்னொன்று. அக்காவின் மேலாளருக்குத் தமிழ் தெரியாது. அதனால் அக்கா தமிழில் எழுதியதை நான் கன்னடத்தில் எழுதிக் கொடுத்து, ஒவ்வொரு வரியையும் படித்துச் சொன்னேன். கையெழுத்தை அக்கா தமிழிலேயே போட்டார். எந்த மொழியில் போட்டாலும் கையெழுத்து கையெழுத்துத்தான்.

கடிதத்தை இரண்டு பிரதி எடுத்தோம். ஒன்று அலுவலகத்துக்கு. மற்றொன்றில், "பெற்றுக்கொண்டேன்" என்று தேதியோடு கையெழுத்து வாங்கினார் அக்கா. சூப்பர்வைசரிடம் வாயால் சொல்லிவிட்டுப் போனால், அவர் மறந்த அன்று நாம் ஆப்சென்ட் ஆகிவிடுவோம். சம்பளத்தோடு வருகைப் போனசும் போகும். இணைப்பாக ஜெராக்ஸ் மட்டும் கொடுங்கள். அசல் உங்களிடமே இருக்கட்டும். விழா வாசலில் அதைக் கேட்கலாம்.

செப்டம்பர் 3 அன்று அழைப்பிதழ் வந்தது. 4 அன்று அதன் நகலில், "23.8.2025 தேதியிட்ட என் விடுப்புக் கடிதத்தோடு சேர்க்கவும்" என்று ஒரு வரி எழுதி, அக்கா அலுவலகத்தில் கொடுத்தார். 5 அன்று விடுப்புக் கிடைத்தது. ஒருவேளை வேலை அதிகம் என்று மறுத்திருந்தால், அரை நாளாவது கேட்கலாம் என்று பேசி வைத்திருந்தோம். அதற்குத் தேவை வரவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை அக்கா சான்றிதழை ஆலைக்கு எடுத்துப் போனார். சூப்பர்வைசர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதைப் படித்துக் காட்டு" என்றாராம்.

அக்கா நின்ற இடத்திலேயே படித்துக் காட்டினார்.