வாக்கிங் போறவங்களுக்குத்தான் சுகர் அதிகமா? மூணாவது ஆளைக் கண்டுபிடிப்போம்

போன வாரம் காலையில 6 மணிக்கு எங்க ஏரியா பார்க்ல உட்கார்ந்திருந்தேன். சுத்திச் சுத்தி நடக்கிறவங்கள்ல முக்கால்வாசிப் பேர் 50 வயசைத் தாண்டினவங்க. காதுல விழுந்த பேச்சு எல்லாம், "ஃபாஸ்டிங் எவ்வளவு சார் வந்துச்சு?", "மாத்திரையை மாத்திட்டாரா?" இப்படித்தான். நம்ம ஊரைப் பத்தி ஒண்ணுமே தெரியாத ஒருத்தர் அந்த பெஞ்ச்ல உட்கார்ந்து கேட்டா, "வாக்கிங் போனா சுகர் வரும் போல"ன்னு எழுதி வச்சிட்டுப் போயிடுவார்.

இது சிரிப்பு வர்ற விஷயம்தான். ஆனா இதே தப்பை நாம தினமும் செய்யறோம். "இதைச் சாப்பிடறவங்களுக்கு அந்த நோய் குறைவு"ன்னு ஒரு செய்தி ஃபோன்ல வரும், உடனே நம்பிடுவோம். ரெண்டு விஷயம் ஒண்ணா நடக்குதுன்னா, நடுவுல மூணாவதா ஒரு ஆள் இருக்கலாம். அந்த மூணாவது ஆள் மூணு விதமா இருக்கலாம்: கன்ஃபவுண்டர், மீடியேட்டர், மாடரேட்டர். இன்னைக்கு வாக்கிங், சுகர் இந்த ரெண்டை மட்டும் வச்சு மூணையும் பிரிச்சுப் பார்க்கப் போறோம்.

முதல்ல கன்ஃபவுண்டர். தமிழ்ல குழப்பும் மாறின்னு வச்சுக்கலாம். ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். இப்போதைக்குச் சுகர் இல்லாத 200 பேரை எடுத்துக்கறோம். 100 பேர் தினமும் நடக்கிறாங்க, 100 பேர் நடக்கிறதில்லை. 5 வருஷம் கழிச்சுப் பார்க்கறோம். நடந்தவங்கள்ல 17 பேருக்குச் சுகர் வந்திருக்கு. நடக்காதவங்கள்ல 14 பேருக்குத்தான் வந்திருக்கு. அப்போ நடக்கிறது கெடுதலா?

இப்ப வயசைப் பிரிச்சுப் பார்ப்போம். நடந்த 100 பேர்ல 80 பேர் 45 வயசுக்கு மேல, 20 பேர் இளசுகள். பெரியவங்க 80 பேர்ல 16 பேருக்குச் சுகர், இளசுகள் 20 பேர்ல ஒருத்தருக்கு. நடக்காதவங்க கதை தலைகீழ்: பெரியவங்க 20 பேர், இளசுகள் 80 பேர். அதுல பெரியவங்க 6 பேருக்கும், இளசுகள் 8 பேருக்கும் சுகர்.

சதவீதமா மாத்திப் பாருங்க. பெரியவங்கள்ல நடந்தவங்களுக்கு 20, நடக்காதவங்களுக்கு 30. இளசுகள்ல நடந்தவங்களுக்கு 5, நடக்காதவங்களுக்கு 10. ரெண்டு பக்கமும் நடந்தவங்களுக்குத்தான் குறைவு. மொத்தமாச் சேர்த்தப்போ மட்டும் எப்படித் தலைகீழா ஆச்சு? நடக்கிற கூட்டத்துல பெரியவங்க அதிகம். வயசானா சுகர் வர்ற வாய்ப்பும் அதிகம். வயசு ஒரு கையால வாக்கிங்கைத் தள்ளுது, இன்னொரு கையால சுகரைத் தள்ளுது. அதனால வாக்கிங்கும் சுகரும் ஒண்ணா நகர்ற மாதிரி தெரியுது.

கன்ஃபவுண்டரோட அடையாளம் இதுதான்: அது ரெண்டுக்கும் முன்னாடியே இருக்கும், ரெண்டையும் பாதிக்கும். அதுக்கு மருந்து, ஒரே வயசுக்காரங்களை ஒரே வயசுக்காரங்களோட ஒப்பிடறது. இதைத்தான் ஆய்வுகள்ல "வயசுக்கு அட்ஜஸ்ட் பண்ணோம்"னு எழுதுவாங்க. நம்ம கணக்குல ரெண்டு குழுவுலயும் பாதிக்குப் பாதி பெரியவங்க இருந்திருந்தா, நடந்தவங்களுக்கு 12.5 சதவீதம், நடக்காதவங்களுக்கு 20 சதவீதம்னு வந்திருக்கும்.

இங்கதான் நிறைய பேர் சறுக்கறாங்க. "அட்ஜஸ்ட் பண்றது நல்லதுன்னா, கையில இருக்கிற எல்லாத்துக்கும் பண்ணிடலாமே? வயசு, சம்பளம், இடுப்பளவு எல்லாத்தையும் போடு"ன்னு தோணும். இடுப்பளவுல கொஞ்சம் நில்லுங்க.

ஒருத்தர் நடக்க ஆரம்பிக்கிறார். சில மாசத்துல இடுப்பளவு குறையுது. வயித்துக்குள்ள இருக்கிற கொழுப்பு குறைஞ்சதால இன்சுலின் நல்லா வேலை செய்யுது. அதனால சுகர் வர்ற வாய்ப்பு குறையுது. இங்க இடுப்பளவு வெளியில இருந்து வந்து குழப்பல. வாக்கிங்கோட பலன் சுகர் வரைக்கும் போய்ச் சேர்ற பாதையே அதுதான். இதுதான் மீடியேட்டர், கடத்தும் மாறி.

இப்ப ஒரே இடுப்பளவு இருக்கிறவங்களை மட்டும் ஒப்பிட்டா என்ன ஆகும்? வாக்கிங் செஞ்ச வேலையில ஒரு பங்கை நாமளே கழிச்சிட்டோம். பலன் சின்னதாத் தெரியும். "வாக்கிங்ல பெருசா ஒண்ணும் இல்லை"ன்னு சொல்லிடுவோம். தோசைக்கு மாவுதான் காரணமான்னு பார்க்கிறேன்னு சொல்லிட்டு, மாவை எடுத்துட்டுக் கல்லை மட்டும் பார்க்கிற மாதிரி.

பயமான விஷயம் என்னன்னா, கம்ப்யூட்டர் இதைச் சொல்லாது. வயசைச் சேர்த்தாலும் வாக்கிங்குக்கு வர்ற எண் மாறும், இடுப்பளவைச் சேர்த்தாலும் மாறும். எது குழப்பத்தைத் துடைச்ச மாற்றம், எது உண்மையான பலனைத் துடைச்ச மாற்றம்னு அந்த எண்ணைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. எது முன்னாடி வந்துச்சு, எது எதை மாத்துச்சுன்னு நமக்குத்தான் தெரியணும்.

அதுலயும் ஒரு திருப்பம் இருக்கு. வாக்கிங் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி இருந்த இடுப்பளவு கன்ஃபவுண்டரா இருக்கலாம். தொப்பை இருக்கிறவரை டாக்டர் "நடங்க"ன்னு சொல்லியிருப்பார், அதே தொப்பையால சுகரும் வரலாம். ஆனா ஒரு வருஷம் நடந்த பிறகு அளந்த இடுப்பளவு மீடியேட்டர். டேப் அதேதான், ஆளும் அவரேதான். அளந்த தேதி மாறினா வேஷமே மாறிடுது. அதனால ஒரு ஆய்வுல "எடைக்கு அட்ஜஸ்ட் பண்ணோம்"னு படிச்சா, முதல் கேள்வி: எப்ப எடுத்த எடை?

இதுக்கு நிஜமான ஒரு உதாரணம் சென்னையிலயே இருக்கு. டாக்டர் ஏ. ராமச்சந்திரனும் அவரோட குழுவும் நடத்தின இந்தியன் டயாபடீஸ் பிரிவென்ஷன் ப்ரோகிராம். முடிவு 2006ல வெளியாச்சு. சுகர் எல்லைக்கோட்டுல இருந்த 531 பேரை, சீட்டுக் குலுக்கிப் போடற மாதிரி 4 குழுவாப் பிரிச்சாங்க. அப்படிக் குலுக்கிப் போட்டா வயசானவங்க எல்லாக் குழுவுலயும் ஏறக்குறைய சமமா விழுவாங்க. கன்ஃபவுண்டர் பிரச்சனையை ஆரம்பத்துலயே அடக்கற வழி அது.

வழக்கமான ஆலோசனை மட்டும் கிடைச்ச குழுவுல, 3 வருஷக் கணக்குல 100க்கு 55 பேருக்குச் சுகர் வந்துச்சு. நடைப்பயிற்சி, உணவு மாற்றம் சொல்லிக்கொடுத்த குழுவுல 100க்கு 39 பேர். எடை குறைஞ்சதாலதான் இந்தப் பலன்னு நினைக்கத் தோணும். ஆனா அந்தக் குழுவுல எடை குறையவே இல்லை! அப்போ இங்க பலனைக் கடத்தினது எடை இல்லை, வேற பாதை. அதுல ஒண்ணு நமக்குத் தெரியும்: தசை சுருங்கி வேலை செய்யும்போது, இன்சுலினை எதிர்பார்க்காமலே ரத்தத்துல இருக்கிற குளுக்கோஸை உள்ள இழுக்கும். "3 மாசமா நடக்கிறேன், வெயிட் மெஷின்ல முள் நகரல"ன்னு நிறுத்தப் பார்க்கிறவங்க இதைக் கேட்கணும். நீங்க பார்த்துட்டு இருக்கிறது ஒரே ஒரு மீடியேட்டரை.

மூணாவது ஆள் மாடரேட்டர். இவர் குழப்பறதும் இல்லை, கடத்தறதும் இல்லை. ரேடியோல வால்யூம் திருகற மாதிரி, பலனோட அளவைக் கூட்டறார், குறைக்கிறார். கேள்வியே வேற ஆயிடுது. "பலன் உண்டா?"ங்கிறது போய், "யாருக்கு எவ்வளவு?"ன்னு கேட்கிறோம்.

இதுக்கு அமெரிக்காவுல 2002ல வெளியான டயாபடீஸ் பிரிவென்ஷன் ப்ரோகிராமைப் பார்க்கலாம். 3,234 பேர். அதுல மெட்ஃபார்மின் மாத்திரை மொத்தமா 31 சதவீதம் ஆபத்தைக் குறைச்சுது. உடம்பு எடையைப் பொறுத்துப் பிரிச்சப்போ, பி.எம்.ஐ. 35க்கு மேல இருந்தவங்களுக்கு 53 சதவீதம் குறைஞ்சுது. 30க்குக் கீழ இருந்தவங்களுக்கு வெறும் 3 சதவீதம். 31ங்கிற ஒரு எண்ணை எல்லாருக்கும் சொல்லியிருந்தா ரெண்டு கூட்டத்துக்குமே பொய்யாப் போயிருக்கும். அதனால மாடரேட்டர் இருந்தா அட்ஜஸ்ட் பண்ணி மறைக்கக் கூடாது. தனித்தனியா எழுதிக் காட்டணும்.

ஆனா அதை அப்படியே ஊருக்கு ஊர் தூக்கிட்டுப் போகவும் முடியாது. சென்னை ஆய்வுல சராசரி பி.எம்.ஐ. 26க்குப் பக்கம்தான். அங்க மெட்ஃபார்மின், அதுவும் குறைஞ்ச டோஸ்லயே, 26 சதவீதம் குறைச்சுது. அமெரிக்காவுல பார்த்த மாடரேட்டர் இங்க அதே மாதிரி திருகல.

இப்ப நம்ம கற்பனைக் கணக்குக்குத் திரும்புவோம், ஒரு கேள்வி பாக்கி இருக்கு. அங்க வயசு மாடரேட்டரும்தானா? பெரியவங்களுக்கு 30ல இருந்து 20, அதாவது 100 பேர் நடந்தா 10 பேர் தப்பிக்கிறாங்க. இளசுகளுக்கு 10ல இருந்து 5, அதாவது 5 பேர். அப்படிப் பார்த்தா பெரியவங்களுக்குப் பலன் அதிகம். விகிதமாப் பார்த்தா, பெரியவங்களுக்கு மூணுல ஒரு பங்கு குறையுது, இளசுகளுக்குப் பாதியே குறையுது. இப்ப இளசுகளுக்கு அதிகம்! ரெண்டும் சரிதான். யாருக்கு முதல்ல வாக்கிங் திட்டம் போடலாம்னு முடிவு பண்ற மாநகராட்சிக்கு முதல் கணக்கு உதவும், ஏன்னா அதுதான் எத்தனை பேர் தப்பிக்கிறாங்கன்னு சொல்லுது. அதனால "இவங்களுக்குத்தான் பலன் அதிகம்"னு யாராவது சொன்னா, கழிச்சுப் பார்த்தீங்களா, வகுத்துப் பார்த்தீங்களான்னு கேளுங்க. இன்னொண்ணையும் கவனிச்சிருப்பீங்க. அதே கணக்குல வயசு கன்ஃபவுண்டராவும் இருந்துச்சு. ஒரே ஆள் ரெண்டு வேலை பார்க்கலாம்.

அடுத்த தடவை இப்படி ஒரு செய்தி ஃபோன்ல வந்தா, ஒரு பேப்பர்ல ரெண்டு விஷயத்தையும் எழுதி நடுவுல ஒரு அம்பு போடுங்க. மூணாவது விஷயத்துல இருந்து ரெண்டுக்கும் அம்பு போனா கன்ஃபவுண்டர், ஒப்பிடும்போது சமப்படுத்துங்க. அம்பு அது வழியாப் போனா மீடியேட்டர், மொத்தப் பலன் வேணும்னா அதைத் தொடாதீங்க. அம்போட தடிமனை அது மாத்தினா மாடரேட்டர், பிரிச்சுப் பாருங்க.

பார்க்ல நடக்கிற அந்தப் பெரியவங்க வாக்கிங்கால சுகர் வாங்கினவங்க இல்லை. வயசும் டாக்டர் சொன்ன சொல்லும் சேர்ந்து அவங்களை அங்க கொண்டு வந்து விட்டிருக்கு. உண்மையில அந்த பார்க்ல குறைவா இருக்கிறது நம்ம வயசுக்காரங்கதான்.