வணக்கம் எனத் தொடங்குவோம்

(கல்லூரி ஒன்றன் ஆண்டுக் கலைவிழா மாலையில், நிகழ்ச்சிகளைத் தொகுத்து வழங்கியவர் ஆற்றிய தொடக்கவுரை. பேச்சு வடிவிலேயே தரப்படுகிறது.)

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் கல்லூரி முதல்வர் ஐயா அவர்களே! அழைப்பை ஏற்று வந்து முன்னிருக்கையில் அமர்ந்திருக்கும் சிறப்பு விருந்தினர், பொறியாளர் பெருமகனார் அவர்களே! பேராசிரியப் பெருமக்களே! பெற்றோர்களே! என் உடன்பயிலும் மாணவ மாணவியரே! உங்கள் அனைவர்க்கும் வணக்கம்.

இப்பொழுதுதான் தமிழ்த்தாய் வாழ்த்துப் பாடி அமர்ந்தோம். மனோன்மணீயம் சுந்தரனார் 1891இல் வெளியிட்ட நாடகநூலில் உள்ள வாழ்த்து அது. 1970இல் தமிழ்நாட்டரசு அதனை ஏற்றது. 2021ஆம் ஆண்டு திசம்பர் 17ஆம் நாள் மாநிலப் பாடலாக அறிவித்தது. முல்லைப்பாணியில் 55 நொடிகளில் பாட வேண்டும் என்றும், இசைத்தட்டை ஓடவிடாமல் பயின்றோர் வாயாலேயே பாடவேண்டும் என்றும் அவ்வாணை கூறுகிறது. நம் மாணவியர் நால்வர் அவ்வாறே பாடினர். நூலில் உள்ள வரிகள் சிலவற்றை விட்டுவிட்டுத்தான் அரசு அதனை ஏற்றது. விடப்பட்ட வரிகள் யாவை, ஏன் விடப்பட்டன என்பதை, விரும்புவோர் நாளை நம் நூலகத்தில் மனோன்மணீயத்தைப் புரட்டித் தெரிந்துகொள்க.

ஒரு செய்தியை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இம்மாலை நிகழ்ச்சியை ஆங்கிலத்தில் தொகுப்பதா, தமிழில் தொகுப்பதா என்று விழாக்குழுவில் இரண்டு நாள் வழக்காடினோம். "தமிழில் தொகுத்தால் பட்டிமன்றம் போலாகிவிடும், கைதட்டல் எழாது" என்றார் ஒரு நண்பர். "இது பொறியியல் கல்லூரி, வந்திருக்கும் விருந்தினர் நம்மை என்ன நினைப்பார்?" என்றார் மற்றொருவர். இறுதியில் கையுயர்த்தி முடிவு செய்தோம். இருவர் மிகையால் தமிழ் வென்றது. தோற்றவர்கள் பகைவர்கள் அல்லர். இதோ, ஒலிவாங்கியைச் சரிசெய்து கொண்டிருப்பவரும் அவர்களுள் ஒருவரே. அவர்களுக்கு விடை சொல்லும் கடமை எனக்கு உண்டு. ஆகலின் நிகழ்ச்சிக்குள் புகுமுன் சில மணித்துளிகள் தருக.

இன்றைக்குத் தொண்ணூறு, நூறு ஆண்டுகளுக்கு முன் இத்தகைய விழா ஒன்று நடந்திருந்தால், என் இடத்தில் நின்றவர் எப்படித் தொடங்கியிருப்பார்? "அக்கிராசனாதிபதி அவர்களே! உபந்நியாசகர்களே! மகாசனங்களே! நமசுகாரம்!" என்றிருப்பார். செயலாளர் அன்று காரியதரிசி. நன்றியுரை அன்று வந்தனோபசாரம். பல்கலைக்கழகம் அன்று சர்வகலாசாலை. படித்தவர் என்றால் இப்படித்தான் பேசுவார் என்று நாடு நம்பியது. 'தலைவர்' என்றும் 'சொற்பொழிவு' என்றும் சொன்னவரைப் பார்த்து, 'இதென்ன செயற்கைத் தமிழ்' என்று நகைத்தவர் பலர். இன்று நகைப்புக்கிடமாவது எது? 'அக்கிராசனாதிபதி' என்று நான் சொன்னவுடன் பின்வரிசையில் எழுந்த சிரிப்பொலியே விடை. செயற்கை, இயற்கை என்பவை சொல்லில் இல்லை. நம் நாவின் பழக்கத்தில் இருக்கின்றன. ஒரு தலைமுறை விடாது சொன்னது. அடுத்த தலைமுறைக்கு அது இயல்பாயிற்று.

இம்மாற்றம் தானாக நிகழ்ந்ததன்று. அதன் வேர்களுள் ஒன்று, நம்முடையதைப் போன்றதொரு கல்லூரியில்தான் இருந்தது. சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் தமிழாசிரியராய் இருந்த சூரியநாராயண சாத்திரியார், 1899இல் வெளியிட்ட தனிப்பாசுரத் தொகையில் தம் பெயரைப் பரிதிமாற்கலைஞர் என்று ஆக்கிக்கொண்டார். சூரியன் பரிதியாயிற்று, நாராயணன் மால் ஆனான், சாத்திரி கலைஞர் ஆனார். 33 அகவையிலேயே, 1903இல், அவர் மறைந்தார். அதே கல்லூரியில் 1898 முதல் 1911 வரை தமிழ் கற்பித்தவர் வேதாசலம் என்பார். அவர் 1916இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கினார். வேதம் மறையாகவும் அசலம் மலையாகவும், மறைமலையடிகள் ஆனார். தம் பெயரோடு நிற்கவில்லை. தாம் நடத்திய ஞானசாகரத்தை அறிவுக்கடல் ஆக்கினார். சமரச சன்மார்க்க நிலையத்தைப் பொதுநிலைக் கழகம் ஆக்கினார். அரை நூற்றாண்டு கழித்து, 1967இல், அறிஞர் அண்ணா முதலமைச்சராய் இருந்தபோது, சிறீயும் சிறீமதியும் அரசு மடல்களிலிருந்து விடைபெற்றுத் திருவும் திருமதியும் வந்தன. தனியொருவர் வீட்டில் தொடங்கியது கோட்டை வரை சென்றது.

இனி, நான் உங்களுக்குச் சொன்ன முதற்சொல்லைப் பாருங்கள். வணக்கம் என்பது வணங்குதலின் அடியாகப் பிறந்தது. வணங்குதல் என்றால் வளைதல். உடல் வளைதலும் உள்ளம் பணிதலும் அதனுள் அடங்கும். இச்சொல்லைத் திருவள்ளுவர் கையாண்ட இடம் வியப்பானது. கூடாநட்பு அதிகாரத்தில், பகைவருடைய சொல்லின் வணக்கத்தை நம்பாதே. வில்லின் வளைவைப் போல அதுவும் தீங்கு குறித்தது என்கிறார். வளைந்த வில்லிலிருந்துதானே அம்பு புறப்படும்! ஆகவே, வணக்கம் என்பது ஒப்புக்குச் சொல்லும் சொல் அன்று. சொல்பவர் உள்ளம் வளைந்ததா, நாக்கு மட்டும் வளைந்ததா என்று கேட்கும் சொல் அது. 'குட் ஈவினிங்' மாலை நன்றாக இருக்கட்டும் என்று சொல்லி முடித்துவிடும். வணக்கம் என்னையே வளைக்கும். காலைக்கு ஒன்று, மாலைக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று என மாற்றவும் வேண்டா. எந்தப் பொழுதுக்கும் எவர்க்கும் ஒன்றே.

அடுத்து, விருந்தினர். விழா மேடைகளில் பிரதம விருந்தினர் என்றும், ஈழத்து அழைப்பிதழ்களில் பிரதம அதிதி என்றும் சொல்லும் வழக்கம் உண்டு. அதிதி என்பதற்கு நாள் குறியாது வருபவர் என்று வடமொழியாளரே பொருள் கூறுவர். நாமோ மூன்று திங்களுக்கு முன்பே நாள் குறித்து, நேரில் சென்று அழைத்து வந்திருக்கிறோம். அவரை அதிதி என்பது பொருளாலும் பொருந்தாது. விருந்து என்பதோ புதுமை. புதிதாகப் புனையும் செய்யுளைத் தொல்காப்பியர் விருந்து என்றே பெயரிட்டார். நம்மிடம் வரும் புதியவர் விருந்தினர். அவர் கொண்டுவரும் புதுமைக்காகவே அவர் நமக்கு வேண்டும்.

இன்று வந்திருக்கும் விருந்தினர்க்கு அச்சொல் முழுதும் பொருந்தும். இவர் கட்டடப் பொறியாளர். கட்டடப் பணியிடங்களில் கொத்தனாரும் சித்தாளும் ஆளும் சொற்களை ஆண்டுக்கணக்காகக் குறித்து வருபவர். தூக்குக்குண்டு, மூலைமட்டம், மட்டக்கோல் எனப் பாமரர் வாயில் வாழும் சொற்கள், நம் பாடநூல்களில் ஏறாமல் நிற்பதைக் கண்டு வருந்தியவர். 'விருந்தினர் என்ன நினைப்பார்' என்று அஞ்சிய நண்பரே! இவரை அழைக்கச் சென்றபோது இவர் எங்களைக் கேட்ட முதல் வினா, "நிகழ்ச்சி தமிழில்தானே?" என்பதே. ஐயா, தங்களை இக்கல்லூரி நெஞ்சார வரவேற்கிறது.

'வரவேற்கிறது' என்றேன், 'வரவேற்க விரும்புகிறது' என்றேனல்லேன். இங்கேதான், என்னைப் போல் மேடையேறும் மாணவர்கள் விழிப்பாய் இருக்க வேண்டும். ஆங்கிலச் சொல் ஒன்றுகூட வராமல் பேசிவிடலாம்; ஆயினும் அப்பேச்சு ஆங்கிலமாகவே இருக்கலாம். "அடுத்த நிகழ்ச்சியை உங்கள் முன் கொண்டுவருவதில் பெருமகிழ்ச்சி அடைகிறேன், கலைக்குழுவினரை மேடைக்கு அழைக்க விரும்புகிறேன்" என்று பலரும் சொல்லக் கேட்கிறோம். சொற்கள் எல்லாம் தமிழே. எலும்போ ஆங்கிலம். அழைக்க விரும்பினால் அழைக்க வேண்டியதுதானே! விருப்பத்தை மட்டும் அறிவித்துவிட்டு நிற்பது தமிழ் மரபன்று. "அடுத்து, பறையிசை. குழுவினர் வருக!" என்றால் போதும். சொல் குறையும், கைதட்டலும் விரைவில் எழும். ஒரு தொடர் தமிழாய் இருக்கிறதா என்று அறிய எளிய வழி உண்டு. அதனை வீட்டில் பாட்டியிடம் சொல்லிப் பாருங்கள். அவர் 'என்னப்பா சொல்கிறாய்?' என்று திருப்பிக் கேட்டால், தொடரைக் கலைத்து மீண்டும் கட்டுங்கள்.

இறுதியாக, பெயர்கள். இம்மாலை மேடையேறும் நாற்பத்திரண்டு மாணவர் பெயர்களும் என் கையில் உள்ளன. தட்டச்சிட்டு வந்த பட்டியலில் எல்லார்க்கும் ஆங்கில முன்னெழுத்துகள். தந்தை பெயர் செல்வம், மகன் பெயர் இளங்கோ, பட்டியலிலோ 'எஸ். இளங்கோ'. தந்தையின் பெயரில் இல்லாத 'எஸ்' எங்கிருந்து வந்தது? ஒவ்வொருவரிடமும் தந்தை பெயரும் தாய் பெயரும் கேட்டு, செ. இளங்கோ என்பது போலத் திருத்தி எழுதியிருக்கிறேன். தாயின் முன்னெழுத்தையும் சேர்க்கச் சொன்னவர்கள் ஒன்பதின்மர், அவ்வாறே செய்தேன்.

ஆனால் முன்னெழுத்துக்கு அப்பால் எவர் பெயரிலும் நான் கை வைக்கவில்லை. வடமொழிப் பெயர், அரபுப் பெயர், விவிலியப் பெயர் எதுவாயினும், அவரவர் சொன்ன ஒலியிலேயே அழைப்பேன். இது தனித்தமிழ் உணர்வுக்கு மாறானதன்றோ என்று ஒரு தோழர் கேட்டார். அன்று. வேதாசலத்தை மறைமலை ஆக்கியவர் வேதாசலமே; சூரியநாராயணரைப் பரிதிமால் ஆக்கியவரும் அவரே. பெயர் மாற்றம் அவர்கள் உள்ளத்தில் விளைந்தது. ஒலிவாங்கியைப் பிடித்த ஒருவன் திணித்ததன்று. திணிப்பை எதிர்த்து வளர்ந்த இயக்கம் நம்முடையது. மேடையில் ஒரு மாணவியின் பெயரை அவள் விரும்பாமல் மாற்றி அழைத்தால், அவள் தமிழை விட்டு ஓரடி விலகுவாள். தமிழ்ப்பெயர் வேண்டுவோர் நிகழ்ச்சி முடிந்தபின் வருக. அமர்ந்து, பொருள் பார்த்துத் தேர்ந்து கொள்வோம்.

நண்பர்களே! ஆண்டில் இருநூறு நாள் நாம் ஆங்கிலத்தில் பாடம் கேட்கிறோம். ஆங்கிலத்தில் தேர்வு எழுதுகிறோம். 2010இலேயே அண்ணா பல்கலைக்கழகம் கட்டடவியலையும் எந்திரவியலையும் தமிழ்வழியில் தொடங்கியது. ஆயினும் தமிழ்வழிப் பொறியியல் இன்னும் நம் வகுப்பறை வரை வந்து சேரவில்லை. இந்த மூன்று மணிநேரம் மட்டும் நம் கையில் இருக்கிறது. இங்கேயும் நாமே தமிழை இறக்கிவிட்டால், அதனை வேறெவர் ஏற்றுவார்? தமிழில் தொகுத்தால் கைதட்டல் எழாது என்ற நண்பர்க்கு, இனி விடை சொல்ல வேண்டியவன் நானல்லேன், நீங்கள்.

முதல் நிகழ்ச்சி, பறையிசை. இரண்டாம் ஆண்டு மாணவர்கள் எண்மர். விளக்குகள் அணையட்டும். குழுவினர் வருக!

வெல்க தமிழ்!