நீர்ப்பிரமியும் ஞாபக சக்தியும்



பத்தாம் வகுப்புப் பரீட்சை நெருங்கிவிட்டால் நம் ஊர் மருந்துக் கடைகளில் ஒரு புட்டி முன்வரிசைக்கு வந்துவிடும். அதன் அட்டையில் "பிராமி சேர்ந்தது, ஞாபக சக்திக்கு" என்று போட்டிருப்பார்கள். பையனுக்கு ஒன்று, மறதி வந்த மாமியாருக்கு ஒன்று என்று இரண்டாக வாங்கிப் போகிற குடும்பங்களும் உண்டு. கூலி வேலைக்குப் போய்ச் சம்பாதித்த காசு அது. அந்தக் காசுக்கு என்ன கிடைக்கிறது என்று இன்றைக்குக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். பிராமி என்ற ஒரே பெயரில் இரண்டு செடிகள் விற்பனையாகின்றன. ஒன்று நீர்ப்பிரமி. வாய்க்கால் ஓரத்திலும் சேற்றிலும் தரையோடு படரும்; சின்னச் சின்னதாகத் தடித்த இலை, வெளுத்த நீல நிறத்தில் சிறு பூ; வாயில் போட்டால் நல்ல கசப்பு. மற்றொன்று நமக்கெல்லாம் தெரிந்த வல்லாரை. நீளக் காம்பில் வட்டமாக, ஓரம் பல் பல்லாக இருக்குமே, அந்த இலை. வட நாட்டில் வல்லாரையையும் பிராமி என்றே சொல்கிறார்கள். நான் இப்போது சொல்லப் போகும் ஆராய்ச்சிகள் நீர்ப்பிரமியை வைத்துச் செய்தவை. வல்லாரைத் துவையலுக்கு அவற்றைச் சாட்சியாகக் காட்ட முடியாது. துவையல் நல்ல கீரைதான், தாராளமாகச் சாப்பிடுங்கள். அது வேறு விஷயம்.

சரி, ஆராய்ச்சி என்றால் என்ன செய்தார்கள்? ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். 2002-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவில் ஓர் ஆராய்ச்சி வெளியானது. 40 வயது முதல் 65 வயது வரையுள்ள 76 பேர் அதில் கலந்துகொண்டார்கள். அவர்களை இரண்டு கூட்டமாகப் பிரித்து, ஒரு கூட்டத்துக்கு நீர்ப்பிரமியிலிருந்து இறக்கிய சத்தை மாத்திரையாகக் கொடுத்தார்கள். பெரும்பாலோருக்குத் தினம் 300 மில்லிகிராம், உடல் எடை மிகுந்தவர்களுக்கு 450. மற்றொரு கூட்டத்துக்கு, பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும், மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. யாருக்கு எது போகிறது என்று சாப்பிடுகிறவருக்கும் தெரியாது, சோதிக்கிறவருக்கும் தெரியாது. மூன்று மாதம் இப்படி நடந்தது.

வெறும் மாத்திரை எதற்கு என்று கேட்பீர்கள். எந்தப் பரீட்சையையும் இரண்டாம் தடவை எழுதினால் கொஞ்சம் நன்றாகத்தான் எழுதுவோம். மருந்து சாப்பிடுகிறோம் என்ற நினைப்பே சிலருக்கு ஊக்கம் கொடுக்கும். இந்த இரண்டும் இரு கூட்டத்துக்கும் ஒரே மாதிரி நடக்கும். அதற்கு மேலே முதல் கூட்டம் எவ்வளவு தாண்டியது என்பதுதான் மருந்தின் கணக்கு. வெறும் மாத்திரைக் கூட்டம் இல்லாமல் "எங்கள் மருந்து சாப்பிட்டு இத்தனை பேருக்கு ஞாபகம் கூடியது" என்று யார் சொன்னாலும், அது பாதிக் கணக்கு.

என்ன கண்டார்கள்? ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத சொற்களை இரண்டிரண்டாகப் படிக்கச் சொல்லி, நேரம் கழித்துக் கேட்டபோது, நீர்ப்பிரமி சாப்பிட்டவர்கள் குறைவாக மறந்திருந்தார்கள். இது உண்மை, இதை மறைக்கக் கூடாது. ஆனால் புதிதாகக் கற்கும் வேகம் கூடவில்லை. கவனம் கூடவில்லை. ஏற்கெனவே தெரிந்த விஷயத்தை நினைவுக்குக் கொண்டுவருவதிலும் மாற்றம் இல்லை. "அன்றாட வாழ்க்கையில் மறதி எப்படி இருக்கிறது?" என்று அவர்களிடமே கேட்டதில், இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை. என் பார்வையில் இதுதான் முக்கியமான முடிவு. சோதனைத் தாளில் தெரிந்த நன்மை, சாவியை எங்கே வைத்தோம் என்கிற வாழ்க்கையில் தெரியவில்லை.

இன்னொரு விஷயம். 2001-இல் அதே நாட்டில் 46 பேரை வைத்துச் செய்த வேறொரு சோதனையில், கற்கும் வேகம் கூடியதாகக் கண்டார்கள். ஒன்றில் கூடியது, மற்றொன்றில் கூடவில்லை. சிறிய ஆராய்ச்சிகளில் இப்படித்தான் வரும். ஒரு மாமரத்தில் பத்துக் கல் எறிந்தால் ஏதாவது ஒரு காய் விழும். விழுந்ததை மட்டும் காட்டினால் குறி தவறாதவன் என்று தோன்றும். சில பேரை வைத்துப் பல சோதனை நடத்தும்போதும் அந்த ஆபத்து இருக்கிறது. அதனால்தான் பல ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்ப்பார்கள். 2012-இல் அப்படி ஆறு ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்ததில், கேட்டதை நினைவிலிருந்து திரும்பச் சொல்லும் சோதனைகள் 17-இல் 9-இல் நன்மை தெரிந்தது. சுமார் பாதி. மூளையின் மற்ற வேலைகளுக்குப் பெரிய ஆதாரம் இல்லை. ஆக, ஒன்றுமே இல்லாத செடி என்றும் சொல்ல முடியாது, அட்டையில் போட்டிருப்பது போல அதிசயம் என்றும் சொல்ல முடியாது.

இப்போது இதை வீட்டுக்குக் கொண்டு வருவோம். ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். ஒன்பதாவது படிக்கும் பையன் காலாண்டில் கணக்கில் 38 மார்க். ஐப்பசியில் தகப்பனார் ஒரு புட்டி வாங்கி வருகிறார். அரையாண்டில் 55. "பார்த்தியா, மருந்து வேலை செஞ்சிருச்சு" என்கிறார் அவர். "என்னங்க, விடியக்காலம் நாலரைக்கு எழுப்பி உட்கார வெச்சேனே, அது எங்கே போச்சு?" என்கிறார் அம்மா. இரண்டு பேர் சொல்வதிலும் எது சரி என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

புட்டியின் அட்டையைப் பாருங்கள். 5 மில்லியில் 50 மில்லிகிராம் சத்து என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். பையன் தினம் 10 மில்லி குடித்தால் 100 மில்லிகிராம். ஆராய்ச்சியில் கொடுத்ததோ 300. அதுவும் பெரியவர்களுக்கு. அடுத்தது நாள் கணக்கு. ஆராய்ச்சிகளில் நன்மை முழுசாகத் தெரிய 12 வாரம், அதாவது 84 நாள் ஆனது. 200 மில்லி புட்டி 20 நாளில் தீரும். 84 நாளுக்கு ஐந்தாவது புட்டியைத் திறக்க வேண்டும். இந்தக் குடும்பம் வாங்கியது ஒரு புட்டி. அது தீபாவளி நெருக்கத்திலேயே காலி. அளவும் போதாது, நாளும் போதாது. அப்படியிருக்க 38 எப்படி 55 ஆனது? அம்மா எழுப்பிய நாலரை மணிக்குப் பங்கு இருக்கிறது. காலாண்டில் எதிர்பாராமல் சரிந்த பையன் அடுத்த தடவை கொஞ்சம் ஏறுவதும் வழக்கம்தான். அந்த வகுப்பில் மருந்து சாப்பிடாத மற்றப் பிள்ளைகளின் மார்க்கையும் கேட்டுப் பாருங்கள். அவர்களுக்கும் ஏறியிருந்தால் அரையாண்டுக் கேள்வித்தாளே சுலபம். அந்தப் பிள்ளைகள்தான் நமக்கு "வெறும் மாத்திரைக் கூட்டம்".

அளவு போதவில்லை என்றால் மூன்று மடங்காகக் கொடுத்துவிடலாமே என்று மட்டும் நினைக்காதீர்கள். 55 வயது தாண்டிய 98 பேரை வைத்து நடந்து, 2010-இல் வெளியான ஆராய்ச்சியில், நீர்ப்பிரமி எடுத்தவர்களுக்குச் சொற்களைக் கற்று நினைவில் வைப்பதில் நன்மை தெரிந்தது. கூடவே அடிக்கடி வெளிக்குப் போவது, வயிற்றைப் பிடித்து இழுப்பது, குமட்டல் ஆகியவையும் அதிகமாக இருந்தன. பரீட்சை ஹாலில் பையனுக்கு இது தேவையா?

பரீட்சை அன்று காலையில் ஒரு மூடி குடிக்கக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். ஒரே ஒரு வேளை 300 மில்லிகிராம் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்துச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். ஒரு மாற்றமும் இல்லை.

எலி ஆராய்ச்சியைப் பற்றி ஒரு வார்த்தை. விளம்பரத்தில் "ஆராய்ச்சியில் நிரூபணம்" என்று வந்தால், மனிதரிலா, எலியிலா என்று கேளுங்கள். சுண்டெலிகளுக்கு நீர்ப்பிரமி கொடுத்ததில் ஆண் எலிகளின் விந்து உற்பத்தி குறைந்ததாகவும், நிறுத்தியதும் பழையபடி ஆனதாகவும் 2009-இல் ஓர் ஆராய்ச்சி வெளியானது. இதைக் கேட்டுவிட்டு யாரும் ஆணுறைக்குப் பதில் நீர்ப்பிரமி என்று கிளம்ப வேண்டாம். மருந்து சாப்பிட்ட புருஷனுக்கு ஆண்மை போய்விடும் என்று பயப்படவும் வேண்டாம். எலிக்கு அதன் எடைக்குக் கொடுத்த அளவு மிக அதிகம். எலியில் கண்ட கெடுதலை அப்படியே மனிதருக்குப் பொருத்த மாட்டோம் என்றால், எலியில் கண்ட நன்மையையும் அப்படியே பொருத்தக் கூடாது, அவ்வளவுதான்.

ஆனால் சிலர் கட்டாயம் தவிர்க்க வேண்டும். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும் இந்த மருந்தை எடுக்கலாம் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை, ஆகவே வேண்டாம். தைராய்டுக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. பணம் மிச்சம் என்று ஊர்ச் சாக்கடை ஓரத்திலிருந்து செடியைப் பறித்து அரைப்பதும் வேண்டாம். தண்ணீரில் ஈயம், காட்மியம் போன்ற உலோகங்கள் கலந்திருந்தால் நீர்ப்பிரமி அவற்றை உறிஞ்சித் தன்னிடமே சேர்த்து வைத்துக்கொள்ளும். கழுவினாலும் போகாது.

மாமியாருக்கு வாங்கிய புட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். வயதானவருக்கு மறதி வந்தால், மருந்துக் கடைக்கு முன்னால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்து வாருங்கள். தைராய்டு குறைவு, பி-12 வைட்டமின் குறைவு, மன வாட்டம், காது மந்தம் — இவையெல்லாம் பார்வைக்கு மறதி போலவே இருக்கும், வைத்தியமும் உண்டு. மூன்று மாதம் டானிக் கொடுத்துக் காத்திருந்தால் அந்த மூன்று மாதமும் வீண். பழகிய வழியில் தடுமாறுகிறார், அடுப்பில் வைத்ததை அடிக்கடி மறக்கிறார், பேச்சில் சொல் கிடைக்காமல் தவிக்கிறார் என்றால் ஒரு வாரம்கூடத் தள்ளாதீர்கள். பிள்ளைக்கும் அப்படியே. பாடம் மனசில் நிற்கவில்லை என்றால் இரத்த சோகை இருக்கிறதா, கரும்பலகை கண்ணுக்குத் தெரிகிறதா, இரவில் எத்தனை மணி நேரம் தூங்குகிறான் என்று பார்த்த பிறகு மருந்தைப் பற்றி யோசிக்கலாம்.

வீட்டில் ஏற்கெனவே வாங்கிய புட்டி இருந்தால் ஒளிக்க வேண்டாம், யாரும் திட்ட மாட்டார்கள். அடுத்த முறை சுகாதார நிலையத்துக்கு வரும்போது அதையும், வீட்டில் யார் யார் என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார்களோ அந்தச் சீட்டுகளையும், ஒரே பையில் போட்டுக் கொண்டு வாருங்கள். நீர்ப்பிரமியா வல்லாரையா, எவ்வளவு மில்லிகிராம், எந்த மாத்திரையோடு சேராது என்று அட்டையைப் படித்துப் பார்த்து டாக்டரோ செவிலியரோ சொல்வார்கள்.