சிறு சொற்களும் பெரும் பொருளும்

ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கம் செய்வோருக்குத் தொல்லை தருபவை நீண்ட கலைச்சொற்கள் என்று பலர் கருதுகிறார்கள். அவற்றுக்கு அகராதி உதவும். அகராதி உதவாத சொற்கள் சில உண்டு. 'ஏ', 'தி' என்பன இரண்டு. 'வுட்', 'ஷுட்' என்பன வேறு இரண்டு. முதல் இரண்டுக்கும் நேரான தமிழ்ச் சொல் இல்லை. பின் இரண்டுக்கும் ஒவ்வொன்றுக்கு நாலைந்து தமிழ் வடிவங்கள் உள்ளன. இல்லாததை இருப்பதாகவும், பலவற்றை ஒன்றாகவும் எண்ணும்போது மொழிபெயர்ப்பு தவறிவிடுகிறது.

முதலில் 'ஏ', 'தி' என்பவற்றை எடுத்துக்கொள்வோம். சேமநிதி அலுவலக அறிவிப்பொன்றைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் இவ்வாறு அமையும்: "ஒரு உறுப்பினர் ஒரு சான்றிதழுடன் ஒரு விண்ணப்பத்தை அனுப்ப வேண்டும். அந்த விண்ணப்பத்தை அந்த அதிகாரி பரிசீலிப்பார்." இதைப் படிப்பவர், "அந்த அதிகாரி என்றால் எந்த அதிகாரி?" என்று கேட்பார். அவர் கேட்பது நியாயமே. தமிழில் 'அந்த' என்பது விரல் நீட்டிச் சுட்டும் சொல். ஆங்கிலத்துத் 'தி' அவ்வாறு சுட்டுவதில்லை. 'நான் குறிப்பிடுவது எது என்று உமக்குத் தெரியும்' என்பதை மட்டுமே அது உணர்த்துகிறது. 'ஏ' என்பதோ, 'இதுவரை உமக்கு அறிமுகமாகாத பொருள்' என்று உணர்த்துகிறது. எண்ணிக்கை அதன் முதன்மையான கருத்தன்று.

தெரிந்தது, தெரியாதது என்ற இவ்வேறுபாட்டைத் தமிழ் தனிச் சொல்லால் காட்டாவிட்டாலும், வேறு வழிகளால் காட்டுகிறது. அவற்றுள் ஒன்று இரண்டாம் வேற்றுமை உருபு. "விண்ணப்பம் அனுப்பினேன்" என்றால் ஏதோ ஒரு விண்ணப்பம். "விண்ணப்பத்தை அனுப்பினேன்" என்றால் முன்பே பேசப்பட்ட விண்ணப்பம். பள்ளியில் வேற்றுமைத் தொகை என்று நாம் படித்தது இங்கே பயன்படுகிறது. இன்னொரு வழி, சொற்களை நிறுத்தும் முறை. "மேசைமேல் புத்தகம் இருக்கிறது" என்பதையும், "புத்தகம் மேசைமேல் இருக்கிறது" என்பதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். முன்னதில் புத்தகம் புதிய செய்தி. பின்னதில் நாம் தேடிக்கொண்டிருந்த புத்தகம் அது. ஆங்கிலத்தில் முன்னதற்கு 'ஏ'யும் பின்னதற்குத் 'தி'யும் வேண்டும். நமக்கு இடமாற்றமே போதும்.

ஆகவே மேற்சொன்ன அறிவிப்பை, "உறுப்பினர் சான்றிதழுடன் விண்ணப்பம் அனுப்ப வேண்டும். விண்ணப்பத்தை அதிகாரி பரிசீலிப்பார்" என்று எழுதலாம். முதல் வாக்கியத்தில் விண்ணப்பத்துக்கு உருபு இல்லை, இரண்டாவதில் உண்டு. மூன்று 'ஒரு'வும் இரண்டு 'அந்த'வும் நீங்கின. பொருளில் ஒன்றும் குறையவில்லை.

இவ்வழிக்கு எல்லை உண்டு. மக்களைக் குறிக்கும் பெயர்களில் 'ஐ' உருபு பெரும்பாலும் தொகுவதில்லை. அங்கே புதியவரைக் குறிக்க 'ஒரு' வேண்டியிருக்கும்: "ஒரு பெரியவரைச் சந்தித்தேன்." ஆனால் ஆளைக் குறியாது முறையை மட்டும் குறிக்கும்போது அங்கும் உருபு மறையும். "பெண் பார்க்கப் போனார்" என்பதற்கும் "பெண்ணைப் பார்க்கப் போனார்" என்பதற்கும் உள்ள தூரத்தை எந்தத் தமிழ்க் குடும்பத்துக்கும் விளக்க வேண்டியதில்லை.

சட்ட வாசகங்களில் 'ஒரு' மேலும் எச்சரிக்கைக்குரியது. 1897-ஆம் ஆண்டின் ஜெனரல் கிளாசஸ் சட்டத்தின் 13-ஆம் பிரிவு, சூழல் மாறாக இல்லாதவிடத்து ஒருமைச் சொல் பன்மையையும் உள்ளடக்கும் என்று விதிக்கிறது. எனவே மத்தியச் சட்டத்தில் வரும் 'ஏ பெர்ஸன்' என்பதற்கு 'ஒரே ஒருவர்' என்ற கருத்து ஏற வழிவிடலாகாது. இடத்துக்கேற்ப 'எவரேனும்' என்று எழுதுவது நலம். அதே 'ஏ', நாட்கூலியைப் பற்றிய வாக்கியத்தில் வந்தால், 'நாளொன்றுக்கு' என்று அதன் எண்ணைக் காட்டியே எழுத வேண்டும்.

இனி 'ஷுட்' என்பதைக் காண்போம். இதற்கு 'வேண்டும்' என்று எழுதுவது பலருக்குக் கைப்பழக்கமாகிவிட்டது. விதிகளில் 'ஷுட் தி ஆபீஸர் ரெஃப்யூஸ்' என்று ஒரு வாக்கியம் தொடங்கும். அதை "அதிகாரி மறுக்க வேண்டும்" என்று எழுதிவிட்டால், மறுப்பதே அதிகாரியின் கடமை என்றாகிவிடும். "அதிகாரி மறுப்பாராயின்" என்பதே பொருள். வாக்கியத்தின் தலையில், எழுவாய்க்கு முன்னே 'ஷுட்' வந்து, இறுதியில் கேள்விக்குறி இல்லையேல் அது நிபந்தனை. இந்த அடையாளத்தைக் கொண்டு இதனை எளிதில் கண்டுகொள்ளலாம்.

இதனினும் நுட்பமானது 'ஷுட் ஹாவ்' என்ற தொடர். தணிக்கைக் குறிப்பு ஒன்றில், குமாஸ்தா ஒரு தொகையைப் பதிந்திருக்க வேண்டும் என்று எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம். தமிழில் அவ்வாக்கியம் மூவகையாகப் பொருள்படும். கணக்குச் சரியாக இருப்பதால் அவர் பதிந்திருப்பார் என்பது ஊகம். பதியக் கடமைப்பட்டவர் பதியாது விட்டார் என்பது குற்றச்சாட்டு. பதிவு முன்னரே முடிந்திருப்பது அவசியம் என்பது நிபந்தனை. இவ்விடத்து ஆங்கிலம் கூறுவது குற்றச்சாட்டு. தமிழைப் படிக்கும் மேலதிகாரியோ அதை ஊகமாகக் கொண்டு கோப்பை மூடிவிடக்கூடும். மாறாக, மூலத்தில் 'மஸ்ட் ஹாவ்' என்று ஊகம் இருந்து, தமிழில் அது பழியாகப் படிக்கப்பட்டால், ஒழுங்காக வேலை செய்த ஒருவர் விளக்கம் கூற நேரிடும். ஒருவருடைய உத்தியோகத்தைத் தொடும் வாக்கியத்தை இரண்டுங்கெட்டானாக விட்டுவைக்கலாகாது.

பரிகாரம் எளிது. செயல் நிகழ்ந்ததா இல்லையா என்று மூலத்தைக் கேட்க வேண்டும். நிகழவில்லை என்றால், "பதிந்திருக்க வேண்டும், பதியவில்லை" என்றோ, "பதியத் தவறினார்" என்றோ எழுதலாம். ஊகமானால், "பதிந்திருப்பார் என்று தோன்றுகிறது" எனலாம். நிபந்தனையானால், "முன்னரே பதிந்திருப்பது அவசியம்" எனலாம்.

'வுட்' என்பதற்கும் இக்கேள்வியே துணை. "வருவதாகச் சொன்னார்" என்னுமிடத்தில் 'வுட்' என்பதற்குத் தனிச் சொல் தேவையில்லை. "மாலையில் திண்ணையில் உட்காருவார்" என்று பழைய வழக்கத்தைக் கூறுமிடத்தில், நம் எதிர்கால வினைமுற்றே அதனைச் செவ்வனே உணர்த்திவிடும். இடர் 'வுட் ஹாவ்' என்பதிலேதான். "அறிவிப்புக் கிடைத்திருந்தால் வந்திருப்பார்" என்றால் அவர் வரவில்லை என்பது தெளிவு. ஆனால் அந்நிபந்தனை முன் வாக்கியத்தில் நின்றுவிட்டு, அடுத்த வாக்கியம் "அவர் வந்திருப்பார்" என்று மட்டும் தொடங்கினால், வந்துவிட்டார் போலும் என்று படிப்பவர் கொள்வார். ஆங்கிலத்தில் 'வுட்' என்ற சொல்லே நிபந்தனையை நினைவூட்டும். தமிழில் நினைவூட்ட ஒன்றுமில்லை. எனவே "கிடைத்திருந்தால்" என்பதை இரண்டாம் வாக்கியத்திலும் திரும்பச் சொல்லத் தயங்கக்கூடாது. மூலத்தில் இல்லாத சொல்லைச் சேர்த்துவிட்டோமே என்று அஞ்ச வேண்டியதில்லை. மூலத்தில் உள்ள பொருள் சிந்தாமல் காக்கவே அது சேர்கிறது.

தமிழாக்கம் முடிந்ததும் ஆங்கிலத் தாளை மறைத்து வைத்துவிட்டு, தமிழை மட்டும் வாய்விட்டுப் படியுங்கள். பெயர்ச்சொல் வருமிடத்தில், 'இது படிப்பவருக்கு முன்பே தெரிந்ததா?' என்று கேளுங்கள். வினை முடியுமிடத்தில், 'இது நடந்ததா, நடக்கவில்லையா?' என்று கேளுங்கள். தமிழ் வாக்கியமே விடை தருமானால் தாளை அனுப்பலாம். விடைக்காக மறைத்த தாளை மீண்டும் எடுக்க நேர்ந்தால், அவ்வாக்கியத்தைத் திருத்தி எழுதியாக வேண்டும்.